இலவச பிடிஎஃப் தளத்தில் ஏற்றிய பாஸ்போர்ட் எங்கே போகிறது?

2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பைச் சேர்ந்த டென்வர் அலுவலகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. இலவசமாகக் கோப்பு மாற்றித் தருவதாகச் சொல்லும் தளங்களில் சில, கணினியில் நச்சு நிரலை இறக்கிவிடுகின்றன. ஏற்றப்படும் கோப்புக்குள் இருக்கும் அடையாள எண், பிறந்த தேதி, வங்கி விவரம், கடவுச்சொல் போன்றவற்றையும் உருவி எடுக்கின்றன என்பது அதன் சாரம். அந்தச் செய்தி சுருங்கிச் சுருங்கி, கடைசியில் "பிடிஎஃப் தளங்கள் எல்லாம் வைரஸ்" என்ற ஒற்றை வரியாக நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்ந்தது. அந்த வரியை நம்பியவர்கள் பயந்தார்கள். பல ஆண்டுகளாக அதே தளங்களைப் பயன்படுத்தி ஒன்றும் ஆகாதவர்கள் அதை ஒதுக்கித் தள்ளினார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை: கோப்பை ஏற்றிய பிறகு அங்கே உண்மையில் என்னதான் நடக்கிறது?

அதை ஒரே ஒரு கோப்பைப் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

## அறை வாடகைக்கு ஓர் ஆவணக் கட்டு

சிங்கப்பூரில் எஸ் பாஸில் வேலை பார்க்கும் ஒருவர் உட்லண்ட்ஸில் ஒரு வீவக வீட்டில் அறை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு ஏஜண்ட் அவருக்கு இப்படிக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்: "பாஸ் முன்பக்கம், பின்பக்கம், பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை. எல்லாம் ஒரே பிடிஎஃப்பாக, 5 எம்பிக்குள்."

அவரிடம் இருப்பவை கைப்பேசியில் எடுத்த மூன்று படங்கள், ஒவ்வொன்றும் 4 எம்பி அளவில். அப்புறம் வங்கிச் செயலியிலிருந்து இறக்கிய மூன்று பிடிஎஃப் கோப்புகள். படங்களைப் பிடிஎஃப்பாக்க வேண்டும், ஆறையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும், அளவைக் குறைக்க வேண்டும். மூன்றுமே கைப்பேசியிலேயே செய்யக்கூடிய வேலைகள்தாம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு, நாளைக்குள் அனுப்பாவிட்டால் அறை வேறு யாருக்கோ போய்விடும் என்ற நிலையில், அவர் தேடுபொறியில் தட்டி முதலில் வரும் தளத்தைத் திறக்கிறார். முதலில் வருவது பெரும்பாலும் யாரோ காசு கொடுத்துப் போட்ட விளம்பரம்.

இந்தக் கட்டில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். முழுப் பெயர், படம், பிறந்த தேதி, வெளிநாட்டவர் அடையாள எண், பாஸ்போர்ட் எண், முதலாளியின் பெயர், இப்போதைய முகவரி, வங்கிக் கணக்கு எண், மீதித் தொகை. அதோடு மூன்று மாத வரவு செலவு: சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறார், பேநவ் மூலம் யார் யாருக்குப் பணம் போகிறது. ஒருவருடைய வாழ்க்கையே பத்துப் பதினைந்து பக்கத்தில் அடங்கிவிடுகிறது.

## தளத்தின் உள்ளே நடப்பது

ஒழுங்காக நடக்கும் ஒரு தளத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். கோப்பு உங்கள் கருவியிலிருந்து கிளம்பி அவர்களுடைய சர்வருக்குப் போகிறது. உலாவியில் தெரியும் பூட்டுக் குறியும் `https` என்பதும் உறுதி செய்வது இந்தப் பயணத்தை மட்டும்தான்: வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது. போய்ச் சேர்ந்த இடத்தில் இருப்பவர் நல்லவரா, அவர் கோப்பை என்ன செய்கிறார் என்பதற்கும் அந்தப் பூட்டுக்கும் தொடர்பு இல்லை. மோசடித் தளத்துக்கும் அதே பூட்டு இலவசமாகவே கிடைக்கும்.

சர்வரில் கோப்பு ஒரு தற்காலிக இடத்தில் எழுதப்படுகிறது. ஒரு மென்பொருள் அதைத் திறந்து, மாற்றி, புதிய கோப்பு ஒன்றை உருவாக்குகிறது. அந்தப் புதிய கோப்பு வாடகைக்கு எடுத்த மேகச் சேமிப்பில் வைக்கப்பட்டு, அதற்கு ஓர் இணைப்பு உங்களுக்குக் காட்டப்படுகிறது. நீங்கள் இறக்கிக்கொள்கிறீர்கள். பக்கத்தின் அடியில் "உங்கள் கோப்புகள் இரண்டு மணி நேரத்தில் அழிக்கப்படும்" என்று எழுதியிருக்கும்.

அந்த வாக்குறுதி பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அது எந்தப் பிரதியைப் பற்றிப் பேசுகிறது என்பதுதான் விஷயம். நம் ஆளுடைய கட்டுக்கு இதற்குள் எத்தனை பிரதிகள் உருவாகியிருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கலாம்:

1. அவர் ஏற்றிய ஆறு மூலக் கோப்புகள்.
2. மாற்றி முடித்த ஒரே பிடிஎஃப்.
3. பக்கங்களை முன்கூட்டிக் காட்டுவதற்காகத் தயாரித்த சிறு படங்கள். பாஸ்போர்ட் பக்கத்தின் சிறு படத்திலும் பெயரையும் எண்ணையும் படிக்க முடியலாம்.
4. மாற்றும்போது பிழை வந்திருந்தால், பிறகு ஆராய்வதற்காகத் தனியே எடுத்து வைத்த கோப்பு.
5. சர்வர் முழுவதற்கும் எடுக்கும் காப்புப் பிரதி.
6. படத்திலுள்ள எழுத்தைப் படித்து எடுக்கும் வசதி இருந்தால், அந்த வேலையைச் செய்யும் மூன்றாவது நிறுவனத்துக்குப் போன பிரதி.

"இரண்டு மணி நேரத்தில் அழிப்போம்" என்பது பொதுவாக முதல் இரண்டைப் பற்றியது. ஐந்தாவது பிரதி சில வாரங்கள் இருக்கலாம். ஆறாவதற்கு அந்த மூன்றாவது நிறுவனத்தின் விதிகள்தான் பொருந்தும். இதில் எங்கேயும் கெட்ட எண்ணம் தேவையில்லை. சாதாரணமாக ஒரு சர்வரை நடத்துகிற முறையே இதுதான்.

## நல்ல எண்ணம் இருந்தும் கசிவது

முதல் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. என் பார்வையில், பேசப்படும் அளவு குறைவாகவும் நடக்கும் வாய்ப்பு அதிகமாகவும் இருப்பது இதுதான்.

மேகச் சேமிப்பில் கோப்புகளைப் போட்டு வைக்கும் இடத்துக்குப் பக்கெட் என்று பெயர். அதை யார் திறக்கலாம் என்பதை அமைப்புகளில் முடிவு செய்ய வேண்டும். பயனர் இறக்கிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று, அனுபவம் குறைந்த ஒருவர் பக்கெட் முழுவதையும் பொதுவில் திறந்து வைத்துவிட்டால், உங்களுக்குக் காட்டிய இணைப்பு தேவையே இல்லை. உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலை எவர் வேண்டுமானாலும் எடுக்கலாம். இப்படித் திறந்து கிடக்கும் பக்கெட்டுகளைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் இருக்கின்றன.

2024இல் சைபர்நியூஸ் ஆய்வாளர்கள் இரண்டு இலவச பிடிஎஃப் தளங்களில் இதையே கண்டார்கள். ஒரு திறந்த பக்கெட்டில் 89,000க்கும் மேற்பட்ட ஆவணங்கள் கிடந்தன. பயனர்கள் ஏற்றிய பாஸ்போர்ட்டுகள், ஓட்டுநர் உரிமங்கள், சான்றிதழ்கள், ஒப்பந்தங்கள் எல்லாம் அதில் இருந்தன. எந்த ஊடுருவலும் நடக்கவில்லை, கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான். ஏற்றிய மக்களுக்கு அது தெரிய வழியும் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு வேண்டிய பிடிஎஃப் சரியாகவே கிடைத்துவிட்டது.

நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இதில் உதவாதா என்று கேட்கலாம். சட்டம் வலுவானதுதான். தேவை முடிந்த பிறகு தகவலை வைத்திருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. மீறும் நிறுவனத்துக்கு 10 லட்சம் வெள்ளியோ, சிங்கப்பூரில் அதன் ஆண்டு விற்றுமுதலில் 10 விழுக்காடோ, எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்க முடியும். ஆனால் ஒரு நிறுவனத்தைப் பிடிப்பதற்கு அது யாருடையது என்று தெரிய வேண்டும். இந்தத் தளங்களில் பலவற்றில் நிறுவனத்தின் பதிவுப் பெயரும் இல்லை, நாடும் இல்லை, இருப்பது ஒரு மின்னஞ்சல் படிவம் மட்டுமே. "எங்களைப் பற்றி" பக்கத்தைத் திறந்து நிறுவனத்தின் பெயரையும் நாட்டையும் தேடிப் பாருங்கள். அந்த இரண்டும் இல்லையென்றால், கசிவு நடந்த பிறகு புகார் கொடுக்கக்கூட எதிர்த்தரப்பு இருக்காது.

## எடுப்பதற்காகவே நடத்தும் தளம்

இரண்டாவது வகையில் தளமே திருடுவதற்காகக் கட்டப்பட்டது. மாற்றும் வேலையை அது சரியாகச் செய்து கொடுக்கும். அப்போதுதான் சந்தேகம் வராது, திரும்பவும் வருவீர்கள், நண்பருக்கும் சொல்வீர்கள். பின்னணியில் உங்கள் கோப்பின் ஒரு நகல் தனியாகப் போய்ச் சேர்கிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளிலிருந்து அடையாள எண்ணையும் கணக்கு எண்ணையும் சல்லடை போட்டு எடுப்பது கணினிக்கு எளிது. சிங்கப்பூர் அடையாள எண் ஓர் எழுத்து, ஏழு இலக்கம், மறுபடி ஓர் எழுத்து என்ற ஒரே வடிவில் இருப்பதால், ஒரு சிறு தேடல் கட்டளையே அதைக் கண்டுபிடித்துவிடும்.

வெளியிலிருந்து பார்த்து இந்த வகையையும் முதல் வகையையும் பிரித்தறிய நம்மால் முடியாது. அதை நேராக ஒப்புக்கொள்ள வேண்டும். வடிவமைப்பு அழகாக இருப்பது, விளம்பரம் குறைவாக இருப்பது, பயனர் மதிப்பீடு ஐந்து நட்சத்திரமாக இருப்பது எதுவும் இதற்குச் சான்றாகாது.

## இறக்கிய கோப்பில் ஒளிந்திருப்பது

மூன்றாவது வகைக்கு உங்கள் ஆவணத்தில் அக்கறை இல்லை, உங்கள் கணினிதான் வேண்டும். எஃப்பிஐ எச்சரிக்கையில் பலரை உலுக்கிய பகுதி இது. நல்ல வேளையாக, இதைக் கண்ணால் பார்த்தே அடையாளம் காணலாம்.

பிரபலமான ஒரு மாற்றுத் தளத்தைப் போலவே தோற்றம் கொண்ட போலித் தளங்களை 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கோப்பை ஏற்றியதும் மாற்றம் நடப்பது போல ஒரு கோடு நகர்கிறது. பிறகு "நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்யுங்கள்" என்று ஒரு பெட்டி வருகிறது. வழக்கமாகப் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில், விண்டோஸில் ஒரு கட்டளையை ஒட்டி இயக்கச் சொல்கிறது. இதே தந்திரம் வேறு தளங்களில் `Win + R` அழுத்துங்கள், `Ctrl + V` அழுத்துங்கள், `Enter` தட்டுங்கள் என்று மூன்று படியாக வரும். பெட்டியைக் கிளிக் செய்தபோதே ஒரு கட்டளை உங்களுக்குத் தெரியாமல் நகலாகியிருக்கும். அதை ஓட்டுபவர் நீங்களே. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கணக்குகளின் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும் நிரல் அதன் வழியாக இறங்குகிறது.

எந்த உண்மையான தளமும் மனிதர்தானா என்று பார்க்க `Win + R` அழுத்தச் சொல்லாது. இதற்கு விதிவிலக்கே கிடையாது.

இன்னோர் அடையாளம் இறங்கிய கோப்பின் பெயரில் இருக்கிறது. பிடிஎஃப் கேட்டீர்கள் என்றால் கோப்பின் பெயர் `.pdf` என்று முடிய வேண்டும். `.zip` வந்து, அதற்குள் `.exe`, `.js`, `.msi`, `.lnk` என்று ஏதாவது இருந்தால் திறக்கவே கூடாது. விண்டோஸ் இந்தக் கடைசி எழுத்துகளை மறைத்தே காட்டும் என்பதால் `statement.pdf.exe` என்ற கோப்பு `statement.pdf` போலவே தெரியும். கோப்புறையில் `View` பகுதிக்குப் போய் `File name extensions` என்பதை ஒருமுறை இயக்கி வைத்தால் இந்த ஏமாற்று எடுபடாது.

## கடவுச்சொல் நீக்கும் தளம்: தனியாகச் சொல்ல வேண்டிய கண்ணி

காப்புறுதி, சம்பளச் சீட்டு, முதலீட்டு அறிக்கை போன்றவை மின்னஞ்சலில் பூட்டிய பிடிஎஃப்பாக வருவதுண்டு. சில நிறுவனங்கள் இன்றும் அதன் கடவுச்சொல்லாக அடையாள எண்ணின் கடைசி நான்கு குறிகளையும் பிறந்த தேதியையும் சேர்த்து வைக்கின்றன. அதை வேறொருவருக்கு அனுப்ப வேண்டி வந்தால், பூட்டை நீக்கித் தரும் இலவசத் தளத்தைத் தேடிப் போகிறோம். தளம் கடவுச்சொல்லைக் கேட்கிறது. தட்டுகிறோம்.

அந்த நொடியில் கோப்போடு சேர்த்து என்ன கொடுத்துவிட்டோம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 1990 ஆகஸ்ட் 15இல் சிங்கப்பூரில் பிறந்தவர், கடவுச்சொல் `567D150890` என்று வைத்துக்கொள்வோம். 1968 முதல் இங்கே பிறந்த குடிமக்களின் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. ஆக, 90 தெரியும். கடைசி மூன்று இலக்கங்களும் கடவுச்சொல்லிலேயே இருக்கின்றன. தெரியாதவை நடுவில் இரண்டே இலக்கங்கள், அதாவது நூறு வாய்ப்புகள். ஆனால் கடைசி எழுத்து சும்மா வைத்ததல்ல. அது ஏழு இலக்கங்களிலிருந்தும் கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எழுத்து. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த எடுத்துக்காட்டில் நூறில் ஒன்பது எண்கள் மட்டுமே பொருந்துகின்றன. நான்கு குறிகளை மட்டும் காட்டினால் எண் மறைந்திருக்கும் என்ற நம் பழைய நம்பிக்கை இங்கே உடைந்துபோகிறது.

இதை அதிகாரிகளும் சொல்லிவிட்டார்கள். 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவு விவரங்களைத் தேடும் அரசாங்கத் தளமான பிஸ்ஃபைலில் முழு அடையாள எண்கள் தேடுவோருக்குத் தெரிந்தது பெரிய சர்ச்சையானது. அதைத் தொடர்ந்து, அடையாள எண் ஒருவரைக் குறிக்கும் பெயர் போன்றதே ஒழிய ரகசியச் சாவி அல்ல என்ற நிலைப்பாட்டை அரசாங்கம் விளக்கியது. 2025 ஜூனில், அடையாள எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கத்தை நிறுத்தும்படி தனியார் நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கப்பட்டது. அதைப் பிறந்த தேதியோடு சேர்த்துக் கோப்புகளைப் பூட்டுவதும் அதில் அடங்கும்.

பூட்டை நீக்கத் தளம் எதுவும் வேண்டாம். கணினியில் குரோம் உலாவியில் அந்த பிடிஎஃப்பைத் திறந்து, கடவுச்சொல் கொடுத்து, `Print` அழுத்தி, `Save as PDF` என்று சேமித்தால் பூட்டில்லாத பிரதி கிடைத்துவிடும். அச்சிடுவதைத் தடுத்து வைத்திருக்கும் கோப்புகளில் மட்டும் இது வேலை செய்யாது. அப்போது அனுப்பிய நிறுவனத்திடமே பூட்டில்லாத பிரதி கேட்பது நல்லது.

## கசிந்தால் இங்கே என்ன ஆகும்

எண்ணே ரகசியமல்ல என்றால் கவலை எதற்கு? ஏனென்றால் நம் ஆள் ஏற்றியது எண்ணை மட்டுமல்ல, ஒரு முழுக் கட்டை.

அந்தக் கட்டை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறப்பது எளிதல்ல. இங்கே சிங்பாஸும் முகச் சரிபார்ப்பும் குறுக்கே நிற்கின்றன. இந்தப் பாதுகாப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் ஆவணப் படத்தை மட்டும் பார்த்துக் கணக்குத் திறந்துவிடும் சேவைகள் உலகில் வேறு இடங்களில் உண்டு. உரிமம் இல்லாமல் கடன் கொடுக்கும் ஆ லோங் கும்பலுக்கும் சிங்பாஸ் தேவையில்லை. யாரோ அவருடைய பாஸ் படத்தைக் கொடுத்துக் கடன் வாங்கினால், மிரட்டல் அவருடைய முகவரிக்கும் முதலாளிக்கும் வரும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது தொலைபேசி மோசடி. ஒரு சாதாரண மோசடி அழைப்பு "உங்கள் கணக்கில் சிக்கல்" என்று பொதுவாகத் தொடங்கும், அதைப் பலரும் இன்று துண்டித்துவிடுகிறார்கள். கணக்கு அறிக்கையைக் கையில் வைத்திருப்பவன் வேறு மாதிரி தொடங்குவான்: "சார், வங்கியிலிருந்து பேசுகிறேன். போன 5ஆம் தேதி உங்கள் சம்பளம் வந்தது, 7ஆம் தேதி ஊருக்கு 800 வெள்ளி அனுப்பியிருக்கிறீர்கள், அந்தப் பரிமாற்றத்தைப் பற்றித்தான் விசாரணை." இதைக் கேட்டவர் எதிரில் இருப்பவர் வங்கி ஊழியர் இல்லை என்று எப்படி நினைப்பார்? பிறகு மனிதவள அமைச்சு அதிகாரி என்று சொல்லும் இரண்டாவது ஆள் சேர்ந்துகொண்டு, பாஸ் எண்ணையும் முதலாளி பெயரையும் சரியாகச் சொல்கிறான். பாஸ் ரத்தாகிவிடும் என்ற பயத்தில் இருப்பவரிடம் அவர்கள் சொல்வதெல்லாம் எடுபடும்.

கடவுச்சொல் போனால் மாற்றிவிடலாம். வங்கிக் கணக்கையும் சிரமப்பட்டு மாற்றலாம். மூன்று மாத வரவு செலவை மாற்ற முடியாது.

## ஏற்றாமல் முடிப்பது எப்படி

முதலில் ஏஜண்ட் கேட்டதையே ஒருமுறை பார்க்க வேண்டும். வெளிநாட்டவருக்கு வீடு கொடுப்பவர் சட்டப்படி மூன்று சோதனைகள் செய்ய வேண்டும்: அசல் பாஸைப் பார்ப்பது, அதை பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவது, பாஸ் செல்லுபடியாகிறதா என்று அதை வழங்கிய அமைப்பிடம் சரிபார்ப்பது. வங்கி அறிக்கை இந்த மூன்றிலும் இல்லை. வாடகை கட்ட முடியுமா என்று தெரிந்துகொள்ள விரும்பும் வீட்டுக்காரருக்கு வேலை உறுதிக் கடிதம் போதுமா என்று கேட்டுப் பார்க்கலாம். "அண்ணே, வங்கி அறிக்கையில் மற்றவர்களுடைய பெயரெல்லாம் இருக்கிறது, சம்பளச் சீட்டு தந்தால் போதுமா?" என்று மரியாதையாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளும் ஏஜண்டுகளும் உண்டு. இல்லை, அறிக்கைதான் வேண்டும் என்றால், கைக்கு எட்டும் வழிகளே போதும்.

1. சேர்ப்பது. ஐஃபோனில் படங்களையும் பிடிஎஃப்களையும் `Files` செயலியில் ஒரே இடத்தில் வைத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, `Create PDF` என்று கொடுத்தால் ஒன்றாகிவிடும். மேக் கணினியில் வலது கிளிக் செய்து `Quick Actions` பட்டியலில் இதே வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் படத்தைத் திறந்து `Print` கொடுத்து `Save as PDF` தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸில் படங்களை `Microsoft Print to PDF` வழியாகப் பிடிஎஃப்பாக்கலாம். ஏற்கெனவே இருக்கும் பிடிஎஃப்களைச் சேர்க்கத்தான் விண்டோஸில் தனி மென்பொருள் வேண்டும். கணினியிலேயே நிறுவி ஓட்டும் பிடிஎஃப்சாம் பேசிக் இலவசமானது. அதையும் விளம்பர இணைப்பிலிருந்து இறக்காமல், அதன் சொந்தத் தளத்துக்கே போய் இறக்குங்கள்.

2. அளவைக் குறைப்பது. 5 எம்பி வரம்பு பயமுறுத்துவதற்குக் காரணம் கைப்பேசிப் படம் தேவைக்கு மேல் பெரிதாக இருப்பதுதான். ஏ4 தாளை அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற அளவில் வைத்தால் 1240க்கு 1754 புள்ளிகள் போதும், எழுத்துகள் தெளிவாகவே தெரியும். அந்த அளவில் ஒரு பக்கம் சில நூறு கேபிதான் வரும். படத்தை முதலில் ஓரம் வெட்டி, மேசையையும் விரலையும் நீக்கினாலே பாதி குறைந்துவிடும். கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி வேலை:

```
gs -sDEVICE=pdfwrite -dPDFSETTINGS=/ebook -dNOPAUSE -dBATCH -sOutputFile=small.pdf big.pdf
```

3. எக்செல்லாக மாற்றுவது. வங்கி அறிக்கையை அட்டவணையாக்கத்தான் பலரும் தளங்களைத் தேடுகிறார்கள். மாற்றவே தேவையில்லாமலும் போகலாம். இணைய வங்கியில் பரிவர்த்தனைப் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது நேரடியாக எக்செல்லில் திறக்கும்.

மறைக்க வேண்டியதை மறைப்பதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. பிடிஎஃப்பில் கணக்கு எண்ணின் மேல் ஒரு கறுப்புக் கட்டத்தை வரைந்தால் எழுத்து அடியில் அப்படியே இருக்கும், கட்டத்தை நகர்த்தினாலோ நகலெடுத்து ஒட்டினாலோ வெளியே வந்துவிடும். பக்கத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்து, அந்தப் படத்தின் மேல் முழுக் கறுப்பில் மறைத்து, அதைப் பிடிஎஃப்பாக்குவதே பத்திரம். அரைகுறையாகத் தெரியும் ஹைலைட்டர் தூரிகை வேண்டாம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும்.

பாஸ் படத்தின் குறுக்கே "இந்த முகவரி அறை வாடகைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுவதும் பயன் தரும். தேர்ந்த ஒருவரால் அதை அழிக்க முடியும்தான். ஆனால் அப்படியே எடுத்து வேறிடத்தில் பயன்படுத்த முடியாது, கசிந்தால் எந்த வழியாகக் கசிந்தது என்றும் தெரிந்துவிடும்.

## ஏற்றவே மாட்டோம் என்று சொல்லும் தளங்கள்

சில தளங்கள் கோப்பை எங்கேயும் அனுப்பாமல் உங்கள் உலாவிக்குள்ளேயே மாற்றித் தருகின்றன. இது உண்மையிலேயே சாத்தியம். அப்படிச் சொல்லும் ஒரு தளம் சொன்னபடி நடக்கிறதா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. முக்கியமில்லாத ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தளம் முழுவதும் திறந்த பிறகு வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு, கோப்பைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். மாற்றி முடித்துக் கோப்பு கிடைத்தால் வேலை உங்கள் கருவியில்தான் நடந்திருக்கிறது. தடைபட்டு நின்றால் கோப்பு வெளியே போக முயன்றிருக்கலாம், அந்தத் தளத்தை நம்ப வேண்டாம்.

கணினியில் இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் `F12` அழுத்தி `Network` பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு கோப்பைத் தேர்ந்தெடுங்கள். `POST` அல்லது `PUT` என்ற வரி தோன்றினால் அதைக் கிளிக் செய்து `Content-Length` எண்ணைப் பாருங்கள். உங்கள் கோப்பு 4 எம்பி என்றால் அங்கே 40 லட்சத்தை ஒட்டிய எண் இருக்கும். சில தளங்கள் துண்டு துண்டாக அனுப்பும் என்பதால் பல சிறிய வரிகளாகவும் வரலாம்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. இன்று உள்ளுக்குள் மாற்றும் தளம் நாளை நிரலை மாற்றிக்கொள்ளலாம். மாற்றி முடித்த பிறகு இணைப்பு திரும்பியதும் அனுப்பவும் செய்யலாம். ஆகவே அடையாள ஆவணத்துக்கு இதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், இணைப்பைத் துண்டித்த நிலையிலேயே மாற்றி, அந்தத் தாவலை மூடிவிட்டுப் பிறகு இணைப்பைப் போடுங்கள்.

## ஏற்கெனவே ஏற்றியிருந்தால்

இதைப் படிப்பவர்களில் பலர் ஏற்கெனவே ஏற்றியவர்களாக இருப்பார்கள். பதற்றப்பட வேண்டியதில்லை. என்ன நடந்தது என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

கட்டளையை ஒட்டி ஓட்டியிருந்தாலோ, `.exe` போன்ற கோப்பைத் திறந்திருந்தாலோ, அதுதான் அவசரம். கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும், பிறகு மற்றவற்றையும் மாற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் அழுத்துங்கள், ஏனென்றால் திருடிய குக்கி கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழையும். வங்கியையும் உடனே அழையுங்கள்.

ஆவணத்தை ஏற்றியது மட்டும்தான் என்றால், வங்கிச் செயலியில் பரிமாற்ற வரம்பைக் குறைத்து, மிகச் சிறிய தொகைக்கும் அறிவிப்பு வரும்படி வையுங்கள். அன்றாடம் தேவைப்படாத சேமிப்பை வங்கியின் பணப் பூட்டு வசதியில் போடலாம். 2023 நவம்பரிலிருந்து உள்ளூர் வங்கிகள் மூன்றிலும் அது இருக்கிறது, அதில் பூட்டிய பணத்தை இணையவழி எடுக்க முடியாது. சிங்பாஸ் செயலியில் இருக்கும் பயன்பாட்டு வரலாற்றைப் பார்த்து, நீங்கள் செய்யாத நுழைவு ஏதும் உண்டா என்று சரிபாருங்கள். உங்கள் வரவு செலவைச் சரியாகச் சொல்லிக்கொண்டு ஓர் அழைப்பு வந்தால் வைத்துவிட்டு, அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணில் நீங்களே வங்கியை அழையுங்கள். மோசடியா என்று சந்தேகமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண் எந்நேரமும் இயங்குகிறது.

சில மாதங்கள் கழித்துக் கடன் தகவல் மையத்திலிருந்து உங்கள் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். உங்கள் பெயரில் எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம் எந்தத் தேதியில் விசாரித்தது என்ற பட்டியல் அதில் இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்காத இடத்தின் பெயர் அங்கே தெரிந்தால், அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, அதே அறிக்கையோடு காவல் துறையில் புகார் செய்யுங்கள். எந்தத் தளத்தில், எந்த நாளில், எந்தெந்தக் கோப்பை ஏற்றினீர்கள் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வைத்திருந்தால் அந்தப் புகாரில் சேர்க்கலாம். உலாவியின் வரலாற்றை அழிப்பதற்கு முன்பே அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.